எழுத்துக்கெல்லாம் சந்தனம்

உ

போல்டன்புரம்,
தூத்துக்குடி.
22-10-86

அன்பு மகன் ஆதிநாதனுக்கு அம்மா ஜெயலக்ஷ்மி எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கச்சி செங்கமலம் மூன்று பேரும் பெருமாள் புண்ணியத்தில் எழுந்து நடமாடி வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். போன மாதம் நீ எழுதிய கடிதத்தில் வயிற்று வலி என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியில் உங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த புது ஜெனரேட்டரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். எனக்கு ஜெனரேட்டர் எப்படி இருந்தால் என்ன, வயிறு எப்படி இருக்கிறது என்று எழுது. வெந்தயத்தை ராத்திரியே மோரில் ஊறப்போட்டுக் காலையில் குடி, அங்கே மோர் கிடைக்காது என்று சாக்குச் சொல்லாதே, பக்கத்து வீட்டு மூஸா நெய்னாவின் மச்சான், அங்கேயிருந்து லீவில் வந்திருக்கிற இப்ராஹீமிடம் கேட்டுவிட்டேன், அங்கே எல்லாம் கிடைக்குமாம். இந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் கொடுத்துவிடுகிறேன், தபாலில் போட்டால் பக்கத்துக்குப் பக்கம் ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லுவான், எனக்கோ இந்தத் தடவை சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

இங்கே மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, மேகம் கூடுகிறது, கடலுக்குள்ளேயே பெய்துவிட்டுப் போய்விடுகிறது. உப்பளத்துக்காரர்களுக்கு அது சந்தோஷம், நமக்குக் குடிதண்ணீர்க் குழாயில் காற்றுதான் வருகிறது. மூஸா நெய்னா மனைவி ராஹிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்து காயல்பட்டினத்தில் தாய் வீட்டில் இருக்கிறாள், குழந்தை நல்ல நிறம், மூக்கு மட்டும் அவரைப் போல. நம் லாரிக்கு முன்பக்க டயர் இரண்டும் புதுசு போட்டாயிற்று. அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, கேட்டால் இல்லை என்பார், கிளச் மிதிக்கும்போது முகத்தைப் பார்த்தால் தெரியும். சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செங்கமலத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. பீச் ரோட்டில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம், ஆனால் அது கிடைத்த கதையைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொன்னால் உனக்குப் பாதிதான் தெரியும், அதனால் பொறுமையாகப் படி, நடுவில் வேலைக்குப் போகாதே.

நீ ஊரை விட்டுக் கிளம்புகிறதற்கு முன்னால் அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாயே அந்தப் பழைய டைப் மெஷின், அதில்தான் இத்தனை நாளும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். அற்புதமணி சார் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் பாஸ் பண்ணிய பிறகும் வீட்டில் உட்கார்ந்து அடித்துக்கொண்டேதான் இருந்தாள், அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எனக்கு மத்தியானம் தூக்கம் வராது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. புரட்டாசி நடுவில் அந்த ஷிப்பிங் ஆபீஸிலிருந்து கார்டு வந்தது. விஜயதசமி அன்று காலை பத்து மணிக்கு டைப்பிங் டெஸ்ட், நல்ல நாளாக இருக்கிறதால் அன்றைக்கே ஆளையும் எடுக்கப்போகிறார்கள், ஆபீஸ் மெஷின்கள் பூஜையில் இருப்பதால் வருகிறவர்கள் அவரவர் மெஷினைக் கொண்டுவர வேண்டும் என்று போட்டிருந்தது. அவள் கார்டை அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள். உன் அப்பா சங்கதி உனக்குத் தெரியும், ஆமாம் என்றும் சொல்லமாட்டார் இல்லை என்றும் சொல்லமாட்டார். கப்பல்காரன் வாரான் போறான், ஆம்பளப் பயலுவ நிக்கிற எடம், சரி பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாரிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் என்னிடம் வந்து அப்பாவுக்குப் பிடிக்கலியாம்மா என்று கேட்டாள், எனக்கு என்ன தெரியும், லாரி ஹாரனுக்கு அர்த்தம் தெரிந்தாலும் உன் அப்பா மௌனத்துக்கு அர்த்தம் எனக்கு இத்தனை வருஷத்தில் தெரியவில்லை. இந்த வேலை கிடைக்காவிட்டால் தை மாதம் ஆறுமுகநேரி மாப்பிள்ளை வீட்டுக்குச் சரி சொல்லிவிடுவது என்று முன்பே பேசியிருந்தது, அந்தப் பையனைப் பற்றிக் குறை ஒன்றுமில்லை, ஆனால் அந்த வீட்டில் மருமகள் வேலைக்குப் போகிறதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் அவளுக்கு இது ஒரே ஒரு தடவை வருகிற பஸ் மாதிரி, விட்டால் விட்டதுதான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாளே அப்பாவும் கிளீனர் மந்திரமூர்த்தியும் லாரியைக் காலி மனையில் நிறுத்திக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். நீ இருந்தபோது எப்படியோ அப்படித்தான், சேஸுக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு உப்புக் கறையைச் சுரண்டி எடுப்பது, சோப்புத் தண்ணீர், அப்புறம் மண்ணெண்ணெய்த் துணி, கண்ணாடிக்கு நியூஸ்பேப்பர். ஜாக்கி, வீல் ஸ்பானர், டயர் லீவர், சுத்தியல், கிரீஸ் கன் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்து வெயிலில் வரிசையாகக் காயவைத்திருந்தார், ஒரு போல்ட் கூட எண்ணெய்ப் பிசுக்கோடு சாமி முன்னால் போகக்கூடாது அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட்டில் இரண்டு வாழைக்கன்று, ஏத்தன் வாழை, இலை கிழியாமல் பார்த்து எடுத்து வந்தார். வாழையைப் பம்பரில் கட்டுகிற விஷயத்தில் ஊர் லாரிக்காரர்கள் எல்லோரையும் திட்டுவார் அல்லவா, இந்த வருஷமும் திட்டினார். ரேடியேட்டருக்கு முன்னால் மாலையையும் இலையையும் மறைத்துக் கட்டிவிட்டு இஞ்சின் கொதிக்குதே என்று நடுரோட்டில் நிற்பான்கள், அலங்காரம் வண்டிக்குத்தான் வண்டி மூச்சு விடவேண்டாமா என்பார். ஹெட்லைட்டுக்கு வெளிப்பக்கமாக, பம்பர் ஓரத்தில், கயிற்றை மேலே ஒரு சுற்று கீழே ஒரு சுற்று போட்டு, இலை ரோட்டைப் பார்த்துச் சாயாமல் வெளியே சாய்கிற மாதிரி கட்டினார். நெற்றியில் மாவிலைத் தோரணம், கண்ணாடிக்கு மேலே கேந்திப் பூ மாலை, ஸ்டியரிங்கில் செவ்வந்திச் சரம். மூஸா நெய்னா ஸ்கூட்டருக்கும் வழக்கம்போல் ஒரு முழம் பூ சுற்றினார், பொட்டு வைக்கிறதில்லை, அவர்கள் வழக்கம் அவர்களுக்கு, பூ மட்டும் இருக்கட்டும் அண்ணாச்சி என்று அவரே முதல் வருஷம் சொன்னதுதான்.

சந்தனம்தான் இந்தக் கதையில் முக்கியம், அதனால் அதை மட்டும் விவரமாக எழுதுகிறேன். வீட்டுக்கு வைக்கிற சந்தனம் கட்டையைக் கல்லில் உரைத்து எடுப்பது, அது காய்ந்தால் கையால் தட்டினாலே உதிர்ந்துவிடும். லாரிக்கு அது சரிப்படாது, வெயிலிலும் ஹார்பர் காற்றிலும் ஒரு மணி நேரம் நிற்காது என்று அப்பா கடைச் சந்தனப் பவுடரை வாங்கி, கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் பன்னீர், அதோடு ஒரு கரண்டி சோற்றுக் கஞ்சியும் விட்டுக் குழைப்பார். அந்தப் பொட்டு தீபாவளி வரைக்கும் லாரியில் இருக்கும், நீ சின்ன வயதில் ஆணியை வைத்துச் சுரண்டி அடி வாங்கியிருக்கிறாய். அன்றைக்கு அவர் குழைத்தது முழுக்க இந்தச் சந்தனம்தான். நானும் செங்கமலமும் அடுப்படியில் கொண்டைக்கடலைச் சுண்டலுக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் மாறி மாறி நின்றுகொண்டிருந்தோம். அவளுக்கு மனசெல்லாம் மெஷின் மேல்தான், மறுநாள் டெஸ்ட், சாயங்காலம் பூஜை வரைக்கும் கொஞ்சம் அடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அப்பா மத்தியானமே மெஷினை எடுத்துப் பலகையில் வைத்தாயிற்று, வச்சது வச்சதுதான், விஜயதசமி மறுபூஜைக்கு முன்ன கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். மற்ற சாமானெல்லாம் சாயங்காலம்தானே வைக்கிறோம், இதை மட்டும் ஏன் மத்தியானமே என்று நான் கேட்டேன், அதுக்கு வேலை இருக்கு என்றார். முன் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வெகு நேரம் இருந்தார். வெளியே வந்தபோது மெஷின் மேல் மூடி போட்டிருந்தது, மூடி மேல் பட்டுத் துண்டு, அதன் மேல் பூ, நாலு மூலைக்கும் அழகாகப் பொட்டு, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் பூஜை குறையில்லாமல் நடந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் செங்கமலத்தின் ஷார்ட்ஹேண்ட் புஸ்தகம், டிக்‌ஷனரி, லாரி ஆர்.சி. புக், என் ராமாயணம் எல்லாம் அடுக்கி மூலைக்கு மூலை சந்தனம் குங்குமம். அரிவாள்மணை, கத்தரிக்கோல், தையல் மெஷின், அம்மி எல்லாவற்றுக்கும் பொட்டு. பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், பழம், தேங்காய். உள்ளே சூடம் காட்டி முடித்து லாரிக்கு வந்தோம். டேஷ்போர்டு, ஸ்டியரிங், கியர் ராடு, டயர் ஒவ்வொன்றுக்கும் பட்டை போட்டுப் பொட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். பூசணிக்காயில் ஓட்டை போட்டுக் குங்குமத்தை நிரப்பி மேலே சூடம் ஏற்றி லாரியைச் சுற்றி வந்து நடு முச்சந்தியில் உடைத்தார். உடைத்ததை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது, சைக்கிள்காரன் வழுக்கி விழுவான் என்று நான் விளக்குமாறோடு பின்னாலேயே போனேன், அது உனக்குத் தெரிந்த கதைதான். பிறகு ஹாரன் அடித்து எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறுகிற மட்டும் நகர்த்தி நிறுத்திவிட்டார். விஜயதசமி அன்று முதல் லோடு வருஷா வருஷம் உப்பள முதலாளிக்கு, ராகு காலம் கழிந்து ஒன்பது மணிக்கு மேல் எடுப்பதாகப் பேச்சு.

திங்கட்கிழமை விடியற்காலம் எல்லோரும் குளித்து, மறுபூஜை செய்து, சாமான்களை வடக்குப் பார்த்துக் கொஞ்சம் நகர்த்தி வைத்தோம். அப்பா ஸ்பானரை எடுத்து லாரியில் ஒரு நட்டைத் திருகிவிட்டு வந்தார், நான் ராமாயணத்தில் ஒரு பக்கம் வாசித்தேன். செங்கமலம் மெஷின் முன்னால் உட்கார்ந்து, முதல் முதலாக இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்த அந்தப் பாடத்தையே அடிக்கலாம் என்று பேப்பரை மாட்டிக் கையை வைத்தாள். சத்தமே வரவில்லை. ஒரு கீயை அழுத்தினால் கம்பி பாதி எழுந்து நின்றுவிட்டது, இன்னொன்று எழவே இல்லை. எழுத்துக் கம்பிகளை மறைக்கிற உள் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஆதி, நான் எழுதினால் நம்பமாட்டாய், உள்ளே அரைவட்டமாக அடுக்கி இருக்குமே எழுத்துக் கம்பிகள், அந்த ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். ஒன்று விடவில்லை. அதுவும் லாரிச் சந்தனம். ராத்திரி முழுக்கக் காய்ந்து சிமெண்டு மாதிரி பிடித்திருந்தது, கம்பிகள் பொருந்தியிருக்கிற காடிக்குள்ளேயும் வழிந்து இறுகியிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், அப்பா பனியனோடு வாசலில் சந்தோஷமாக நின்றுகொண்டு, எல்லா எழுத்துக்கும் வச்சாச்சு, ஒண்ணு பாக்கியில்ல என்றார். மெஷினுக்கு உள்ளே இருப்பது அடிக்கிற பாகம் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாதா, தெரியும், லாரி இஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுகிறவர். ஆனால் அன்றைக்கு அவருக்கு அது பாகமாகத் தெரியவில்லை, சாமியாகத் தெரிந்திருக்கிறது.

செங்கமலம் அழவில்லை. அழுதிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். வேலைக்குப் போகக்கூடாதுன்னா வாயத் தெறந்து சொல்லியிருக்கலாம்லா, மெஷினக் கெடுத்தா போடணும், மத்தியானமே வாங்கி வச்சுக் கதவச் சாத்துனது இதுக்குத்தானா என்று கேட்டுவிட்டாள். எனக்கும் ஒரு நிமிஷம் அந்த எண்ணம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். அப்பா முகத்தை நான் அந்த மாதிரி பார்த்ததில்லை. லாரி கவிழ்ந்தபோது கூட சிரித்துக்கொண்டு வந்தவர். இல்ல என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, அதுகூடச் சொல்லவில்லை. கோபக்காரி மகளும் ஊமை அப்பாவும் எதிரெதிரே நிற்க, நான்தான் மணி ஓடுது, இப்ப என்ன செய்யணும் அதச் சொல்லுளா என்று சத்தம் போட்டேன். இன்ஸ்டிட்யூட்டில் போய் வேறே மெஷின் கேட்கலாம் என்றால் அற்புதமணி சார் லீவுக்கு நாசரேத் போய்விட்டார், கதவு பூட்டிக் கிடக்கிறது. பெட்ரோலும் பிரஷும் வேணும் என்றாள் அவள், எழுத்துக்களை அப்படித்தான் கழுவச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நம் லாரியில் டீசல்தான். சத்தம் கேட்டு வந்த மூஸா நெய்னா ஸ்கூட்டர் டேங்கில் டியூபை விட்டு உறிஞ்சி ஒரு டம்ளர் பெட்ரோல் பிடித்துக் கொடுத்தார், வாயில் போன பெட்ரோலைத் துப்பிக்கொண்டே இன்னும் வேணும்னா சொல்லுங்க என்று நின்றார், நல்ல மனுஷன். பிரஷுக்கு நீ வந்தால் கொடுக்கலாம் என்று பெட்டியில் வைத்திருந்த புது டூத் பிரஷை எடுத்துக் கொடுத்தேன். நீ வரும்போது வேறே வாங்கிக்கொள்ளலாம்.

பெட்ரோல் போட்டுத் தேய்த்தால் சந்தனம் அசையவே இல்லை. எண்ணெய்ப் பிசுக்குக்குத்தான் பெட்ரோல், கஞ்சிக்கு என்ன செய்யும். இன்னும் ஓங்கித் தேய்த்தாள், பிரஷ் முடிதான் வளைந்தது. அப்போதுதான் அப்பா மெதுவாக, அதுல கஞ்சி விட்டிருக்கேன், வெந்நீர்தான் எளக்கும் என்றார். தண்ணி பட்டா துருப்பிடிக்கும் என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமலே. வெந்நீர்த் துணிய நல்லாப் பிழிஞ்சு ஒத்தி எடுப்போம், ஒடனே நீ பெட்ரோல் போட்டுத் தொடச்சிரு, தண்ணி நிக்காது என்றார். வேறே வழி இல்லை, சரி என்றாள். நான் அடுப்பில் வெந்நீர் போட்டுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். காடிக்குள் சொட்டு விழாமல் அடியில் பழைய வேட்டித் துணியைத் திணித்தார்கள். ஒவ்வொரு கம்பியாகத் தூக்கி நிறுத்த வேண்டும், அப்பாவுடைய விரல் அந்தச் சந்துக்குள் போகவில்லை, தீக்குச்சியை வைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் வெந்நீர்த் துணியை ஒத்துவார், சந்தனம் குழைந்து வரும், அவள் பெட்ரோல் பிரஷால் தேய்த்து எடுப்பாள், பிறகு குண்டூசியால் இங்கிலீஷ் ஓ, ஈ, ஏ மாதிரி வயிறு உள்ள எழுத்துக்களின் வயிற்றைக் குத்திச் சுத்தம் பண்ணுவாள். இரண்டு தலையும் மெஷின் மேல் முட்டிக்கொண்டு இருந்தது. காடிக்குள் இறுகியதைத்தான் எடுக்கக் கஷ்டப்பட்டார்கள், அப்பா இஞ்சினில் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜில் இருக்கிற மெல்லிய தகட்டைக் கொண்டுவந்து ஒவ்வொரு சந்துக்குள்ளும் விட்டு இழுத்தார், ஒன்றும் கீறல் விழாமல். ரிப்பன் பாழாகிவிட்டது, சிவப்புச் சிவப்பாகக் குங்குமம், வேறே மாட்டினாள். ராகு காலம் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாது. ஒன்பதுக்கு மேல் ஆகிவிட்டது, அவள் பேப்பரை மாட்டி அடித்தாள், ஓடியது. கியூ எழுத்து மட்டும் எழுந்து போய் அங்கேயே நின்றுகொண்டது, விரலால் தட்டினால் திரும்பி வந்தது. அதோடு போகட்டும் என்று எழுந்து முகம் கழுவினாள்.

அன்றைக்கு ரிக்‌ஷாக்காரர்கள் எல்லோரும் ரிக்‌ஷாவுக்குப் பூ வைத்துவிட்டு ஜாலியாக இருந்தார்கள், ஒருவரும் வரவில்லை. அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது. அப்பா மந்திரமூர்த்தியைக் கூப்பிட்டு, உப்பளத்துல போயி லோடு நாளைக்குன்னு சொல்லிட்டு வா என்று அனுப்பிவிட்டார். எத்தனை வருஷமாக அந்த முதல் லோடு தவறியதில்லை என்று உனக்குத் தெரியும், அந்த முதலாளிக்குக் கோபம், இன்றைக்கும் சரியாகப் பேசவில்லை. லாரி கேபினில் சாக்கை மடித்து அதன் மேல் என் ஜமுக்காளத்தைப் போட்டு மெஷினை வைத்து, குலுங்காமல் இருக்க ஒரு பக்கம் செங்கமலம், ஒரு பக்கம் ஜாக்கி. வாழைக்கன்று இரண்டும் ஆட, கேந்தி மாலை காற்றில் அடிக்க, அந்தக் கோலத்தில் பீச் ரோட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஆபீஸ் வாசலுக்குப் போகாமல் தெரு முக்கிலேயே நிறுத்திவிட்டார், லோடு லாரியில வந்து எறங்குதான்னு சிரிப்பானுவ என்று சொல்லி, மெஷினைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்து போய்க் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாராம். முழங்கால் வலியோடு அந்தக் கனத்தை.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. லாரியின் நிழலில் குத்துக்கால் இட்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் பெட்ரோல் நாற்றம். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்து, கோபப்படாமல்தான் கேட்டேன், மூடிக்கும் சட்டத்துக்கும் வைத்தால் போதாதா, உள்ளே எழுத்துக்குப் போய் ஏன் வைத்தீர்கள் என்று. மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், லாரிக்கு ஸ்டியரிங்குல வைக்கேன், டயர்ல வைக்கேன், அதுதான ஓடுது, அவளுக்கு ஓடுறது அந்த எழுத்துதான, எனக்கு இங்கிலீஷ் தெரியாது ஜெயா, நாளைக்கு எந்த எழுத்து அவளுக்கு வேணும்னு நான் எப்படிக் கண்டேன், ஒண்ணக்கூட விட்டுரக்கூடாதுன்னு எல்லாத்துக்கும் வச்சேன் என்றார். அதனால்தான் மத்தியானமே எடுத்துவைத்திருக்கிறார், தீக்குச்சி நுனியில் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக வைக்க அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது, உதிரக்கூடாது என்றுதான் லாரிச் சந்தனத்தை வைத்திருக்கிறார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். இந்த மனுஷனுக்கு நீ வேலைக்குப் போனால் எனக்குச் சந்தோஷம்தான் என்று மகளிடம் நாலு வார்த்தை சொல்லத் தெரியாது, ஒரு மெஷின் எழுத்து முழுக்கச் சந்தனம் வைக்கத்தான் தெரியும். நீயும் அப்படித்தான், உன் கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது.

செங்கமலம் மத்தியானம் வந்தாள். டெஸ்ட் சுமாராகப் பண்ணினேன், குவாண்டிட்டி என்று ஒரு வார்த்தை வந்துவிட்டது, கியூவை விரலால் தட்டித் தட்டி அடித்தேன், நேரம் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு சோற்றில் கை வைத்தாள். அவளிடம் அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். பிசைந்த கை அப்படியே நின்றது. எழுந்து கையைக் கழுவிவிட்டு லாரிக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் ஜன்னலில் நின்று பார்த்தேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்து, நகத்துக்குள் இருந்த சந்தனத்தைத் தன் ஊக்கால் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் வந்து சாப்பிட்டார்கள். வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து ஆள் வந்து வேலைக்கு எடுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். டெஸ்டுக்கு வந்தவர்களில் இவள் அடித்ததில்தான் தப்பு குறைவாம்.

முந்தாநாள் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள் என்று நான் டிபன் பாக்ஸைக் கொடுத்தால், பஸ்ஸில் போகமாட்டேன், அப்பா லாரியில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வாழைக்கன்றெல்லாம் காய்ந்துபோய் அவிழ்த்துவிட்டோம், சந்தனம் மட்டும்தான் இருக்கிறது. ஆபீஸ்காரி லாரியில் போய் இறங்கினால் நன்றாகவா இருக்கும் என்று அப்பா மழுப்பினார், அவள் கேட்கவில்லை. டெஸ்ட் அன்றைக்குப் போலவே தெரு முக்கில் பிரேக் போட்டிருக்கிறார், கேட் வரைக்கும் போங்க என்று இறங்காமல் உட்கார்ந்துகொண்டாளாம். அந்தக் கேட்டில் வாட்ச்மேன் இஞ்ஞாசி என்று ஒரு பெரியவர், முன்பு முத்தும் சங்கும் குளித்தவர், ஆழத்தில் இறங்கி இறங்கிக் காது போய்விட்டது, கத்தினால்தான் கேட்கும். லோடு லாரி பின் கேட்டுக்குப் போ என்று கையைக் காட்டியிருக்கிறார். செங்கமலம் லாரிப் படியில் நின்றுகொண்டு, ஆபீஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, லோடு இல்ல தாத்தா, நான் இங்க டைப்பிஸ்ட்டு, இவுக எங்க அப்பா, என்னயக் கொண்டுவந்து விட வந்திருக்காக என்று கத்தியிருக்கிறாள். அந்தப் பெரியவருக்கு முதல் தடவை கேட்கவில்லையாம். இன்னொரு தடவை கத்தினாளாம். இதை அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார், சாயங்காலம் மூஸா நெய்னாவிடம் சொன்னார், நேற்று மந்திரமூர்த்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், இன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது மறுபடியும் என்னிடமே சொன்னார், அந்த ஆளுக்குக் காது கேக்கல பாத்துக்கோ, அதான் ரெண்டு தடவ சொன்னா என்று. கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு விஷயத்தை அவர் நாலு தடவை பேசி நான் பார்த்ததே இல்லை.

இப்ராஹீம் கையில் கூழ் வடகம், நார்த்தங்காய் ஊறுகாய், மட்டக்கடையில் வாங்கிய மக்ரூன் ஒரு டப்பா, பூஜைச் சந்தனம் ஒரு சிமிழில், இது கட்டையில் உரைத்தது, பயப்படாமல் நெற்றிக்கு வைத்துக்கொள், எல்லாம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவர் தங்கியிருக்கிற இடத்துக்கு வருகிற வெள்ளிக்கிழமையே நீ நேரில் போய் வாங்கிக்கொள், அவர் வந்து கொடுக்கட்டும் என்று இருக்காதே, மக்ரூன் நமுத்துவிடும். தங்கச்சிக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் எழுது, அப்பாவுக்குத் தனியாக ஒன்று எழுது, அவர் பெயரைப் போட்டு எழுது, செங்கமலம் வாசித்துக் காட்டுவாள். வயிற்று வலி விஷயத்தை மறைக்காதே. உச்சி வெயிலில் ஒர்க்‌ஷாப்பில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே. நீ தொடுகிற கருவியெல்லாம் உன் கைக்கு வசமாக இருந்து, நோய் நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி நீ நல்லபடியாக வீடு வந்து சேர ஆழ்வார்திருநகரிப் பெருமாளை வேண்டிக்கொண்டு ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
வ. ஜெயலக்ஷ்மி